பாஸ்புக்கின் முதல் பக்கத்தைப் பாருங்கள்

"அப்பா போன மாதம் தவறிவிட்டார். அவரும் அம்மாவும் சேர்ந்து வைத்திருந்த சேமிப்புக் கணக்கில் அப்பா பெயரை எடுக்கப் போனால், வாரிசுச் சான்றிதழும் பிள்ளைகள் மூன்று பேர் கையெழுத்தும் வேண்டும் என்கிறார்கள். தேவையா? என் தங்கை கணவரைப் பிரிந்து இருக்கிறாள். அவர்களுடைய கூட்டுக் கணக்கில் அவர் பெயரை நீக்க அவள் மட்டும் எழுதிக் கொடுத்தால் போதுமா?"

பாஸ்புக்கின் முதல் பக்கத்தில், பெயர்களுக்குக் கீழே, கணக்கை யார் இயக்கலாம் என்று ஒரு வரி அச்சாகியிருக்கும். அதில் 'ஐதர் ஆர் சர்வைவர்' என்று இருந்தால் வாரிசுச் சான்றிதழ் வேண்டாம், உங்கள் கையெழுத்தும் வேண்டாம். இருவரில் ஒருவர் இறந்தால் மற்றவரிடம் பணத்தைக் கொடுக்கலாம் என்று இருவரும் முன்பே எழுதிக் கொடுத்ததுதான் அந்த வரி. நீதிமன்றத் தடை ஏதும் இல்லாவிட்டால் இறப்பையும் அம்மாவின் அடையாளத்தையும் மட்டும் சரிபார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2005லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. வெறும் 'ஜாயின்ட்லி' என்று இருந்தால் கதை வேறு. அப்போது அம்மாவோடு மற்ற வாரிசுகளும் சேர்ந்துதான் கேட்க வேண்டும். கிளை கேட்பதில் தவறில்லை.

முதல் வகைதான் என்றால் அம்மா கொண்டுபோக வேண்டியவை கொஞ்சம்தான்: பெயர் நீக்கக் கோரும் கடிதம் அல்லது வங்கியின் படிவம், இறப்புச் சான்றிதழின் அசலும் நகலும், அம்மாவின் ஆதார், பான், புகைப்படம், பாஸ்புக், மீதமுள்ள காசோலைகள், அப்பாவின் ஏடிஎம் கார்டு. அசலைப் பார்த்துவிட்டு அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். கணக்கில் முதல் பெயர் அப்பாவுடையது என்றால், சில வங்கிகள் பெயரை மட்டும் நீக்காமல் அம்மா பெயரில் புதுக் கணக்கு திறக்கச் சொல்லும். அதற்குச் சம்மதிக்கலாம். கேஸ் மானியம், இன்சூரன்ஸ் தவணை போன்றவற்றைப் புது எண்ணுக்கு மாற்றிய பிறகு பழையதை மூடச் சொல்லுங்கள்.

நான் கவுன்டரில் இருந்த காலத்தில் இந்த வேலை அதிகம் தடைப்பட்டது இனிஷியலால்தான். இறப்புச் சான்றிதழில் 'ரா. கோவிந்தசாமி', கணக்கில் 'கோவிந்தசாமி ராமையா', ஆதாரில் வெறும் 'கோவிந்தசாமி'. மூவரும் ஒருவர்தான் என்று குடும்பத்துக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. தந்தை பெயரும் முகவரியும் ஒத்துப்போகும் பழைய அடையாள அட்டை ஒன்று இருந்தால் பெரும்பாலும் போதும். இல்லையென்றால் இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே நபருடையவை என்று முத்திரைத்தாளில் நோட்டரி முன்பு எழுதிய உறுதிமொழி கேட்பார்கள். எழுத்துப்பிழை சான்றிதழிலேயே இருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள். பிற்பாடு பட்டா மாற்றத்துக்கும் அதே தாள்தான் போகும்.

இன்னொன்று. பணம் அம்மா கைக்கு வருவதாலேயே முழுவதும் அவருக்கே சொந்தமாகிவிடாது. வாரிசுகளின் சார்பில்தான் பெற்றுக்கொள்கிறார். உங்களுக்குள் பங்குத் தகராறு இருந்தால் அது குடும்பத்துக்குள்ளோ நீதிமன்றத்திலோ தீர வேண்டியது. தடை உத்தரவு இல்லாமல் ஒரு மகன் வந்து "கொடுக்காதீர்கள்" என்று வாயால் சொன்னதற்காக வங்கி நிறுத்தத் தேவையில்லை. அப்பா பென்ஷன்தாரர் என்றால் தகவலை உடனே சொல்லிவிடுங்கள், இறந்த பிறகு வரவாகும் பென்ஷனை வங்கி திரும்ப எடுத்துக்கொள்ளும். அவருடைய கார்டில் பணம் எடுப்பது, அவர் போனிலிருந்து யுபிஐ அனுப்புவது எதுவும் வேண்டாம். கிளை இன்னும் வாரிசுச் சான்றிதழே கேட்டால், எதற்காக என்று எழுத்தில் கேளுங்கள். பாதிப் பேருக்கு அங்கேயே வேலை முடிந்துவிடும்.

தங்கை விஷயம் நேர் எதிர். உயிரோடு இருப்பவர் பெயரை அவர் கையெழுத்து இல்லாமல் நீக்க முடியாது. பிரிந்து வாழ்வது வங்கிக்கு ஒரு பொருட்டே இல்லை. விவாகரத்துத் தீர்ப்பு வந்தாலும், அந்தக் கணக்கைப் பற்றி அதில் ஏதாவது சொல்லியிருந்தால்தான் உதவும். அவர் சம்மதித்தால் இருவரும் கையெழுத்திட்ட படிவமும் அடையாள ஆவணங்களும் போதும். ஆனால் கிளையில் உள்ள மாதிரிக் கையெழுத்தோடு அது பொருந்த வேண்டும். இருவரும் நேரில் போய்விடுவது நல்லது.

சம்மதிக்காவிட்டால்? அந்தக் கணக்கும் ஐதர் ஆர் சர்வைவர் என்றால், நாளைக் காலையில் அவர் ஒருவரே முழுப் பணத்தையும் எடுக்கலாம், வங்கி கேள்வி கேட்காது. தகராறு இருக்கிறது, இனி இருவரும் சேர்ந்து கையெழுத்திட்டால் மட்டுமே பணம் கொடுங்கள் என்று தங்கை எழுதிக் கொடுத்தால், வங்கி பொதுவாகக் கணக்கை நிறுத்திவைக்கும். அப்புறம் இருவரும் சேர்ந்து சொல்லும்வரை அல்லது நீதிமன்ற உத்தரவு வரும்வரை யாரும் எடுக்க முடியாது, தங்கையும்தான். அதனால் வரிசை முக்கியம். முதலில் தன் பெயரில் மட்டும் ஒரு கணக்கு திறந்து, சம்பளத்தை அதற்கு மாற்றட்டும். பழைய கணக்கிலிருந்து போகும் தவணைகளையும் மாற்றட்டும். சம்பளம் புதுக் கணக்கில் ஒரு மாதம் விழுந்ததைப் பார்த்த பிறகு கடிதத்தைக் கொடுத்து, நகலில் கிளையின் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளட்டும். கணவர் அதற்குள் எல்லாவற்றையும் எடுத்துவிடுவார் என்ற பயம் இருந்தால் ஒரு மாதம் காத்திருக்க வேண்டாம், கடிதத்தை முதலில் கொடுத்துவிடட்டும்.

இருவர் பெயரிலும் வீட்டுக் கடன் இருந்தால் அது இந்தப் படிவத்தில் தீராது. சேமிப்புக் கணக்கில் பெயர் போனாலும் கடனில் பொறுப்பு அப்படியே நிற்கும். மீதியுள்ளவரின் வருமானம் தவணைக்குப் போதும் என்று கடன் பிரிவு ஒப்புக்கொண்டால்தான் அங்கே பெயர் விடுபடும்.