வினாத்தாளில் பக்கம் விடுபட்டிருந்தால் யாரிடம் சொல்வது?

தேர்வு நடக்கும்போது வினாத்தாளில் குறை தெரிந்தால் அறைக் கண்காணிப்பாளரிடம் சொன்னால் போதுமா, மையக் கண்காணிப்பாளரைப் பார்க்க வேண்டுமா?

முதலில் இருக்கையில் இருந்தபடியே கையை உயர்த்தி அறைக் கண்காணிப்பாளரிடம் சொல்லுங்கள்; அனுமதியின்றி எழுந்து வெளியே போவதே விதிமீறலாகக் கொள்ளப்படலாம். ஆனால் முடிவெடுக்கும் அதிகாரம் பெரும்பாலும் அவருக்கு இல்லை. வினாத்தாள் கட்டுகளைப் பாதுகாப்பதும், உறை பிரிப்பதை மேற்பார்வையிடுவதும், அன்றைய நிகழ்வுகளை அறிக்கையாக அனுப்புவதும் மையக் கண்காணிப்பாளரின் பொறுப்பு என்பதால், தகவல் அவரைச் சென்றடைந்ததா என்று தயங்காமல் கேளுங்கள்.

எட்டாம் பக்கத்தை அடுத்துப் பதின்மூன்றாம் பக்கம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கையிருப்பில் உள்ள உதிரித் தாள்களிலிருந்து மாற்றுத்தாள் தர ஏற்பாடு செய்ய வேண்டியவர் அவர்தான். வினாத்தாளும் விடைத்தாளும் ஒரே வரிசை எண்ணால் இணைக்கப்பட்ட தேர்வாக இருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்; இதைக் கவனிக்காமல் விட்டால் திருத்தும்போது சிக்கல் வரும். இழந்த நேரத்தை ஈடுசெய்வது அந்தத் தேர்வின் விதிகளைப் பொறுத்தது. ஆகவே குறையைச் சொன்ன நேரத்தையும் மாற்றுத்தாள் கைக்கு வந்த நேரத்தையும் எழுத்தில் பதியச் சொல்லுங்கள்.

கேள்வியே பிழையானது என்றால் அதைத் திருத்த மையத்தில் எவருக்கும் அதிகாரமில்லை. அது தேர்வு நடத்தும் அமைப்புக்குப் போக வேண்டிய முறையீடு. மற்ற புகார்களை, மையத்தை விட்டுக் கிளம்பும் முன், பதிவெண்ணும் அறை எண்ணும் குறிப்பிட்டு மையக் கண்காணிப்பாளரிடம் எழுதிக் கொடுத்து, நகலில் கையொப்பம் கேட்டு வாங்குங்கள்.