தொகையைப் பற்றி முதல் கடிதத்திலேயே எழுதலாமா?

கேள்வி: வீட்டில் உள்ள பழைய புகைப்படங்களைப் பாதுகாப்பது பற்றி எங்கள் வாசகர் வட்டம் ஒரு பட்டறை நடத்தப் போகிறது. பேச வருமாறு ஒரு நிபுணருக்கு எழுதினேன். இரண்டு வாரமாகப் பதில் இல்லை. எங்களால் பெரிதாகப் பணம் தர முடியாது. அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டுமா, அவர் சம்மதித்த பிறகு பேசிக்கொள்ளலாமா?

பதில்: முதல் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள். தொகையைப் பற்றி நீங்கள் எழுதாவிட்டால் அவர்தான் கேட்க வேண்டும். முன்பின் தெரியாதவரிடம் "எவ்வளவு தருவீர்கள்?" என்று கேட்கப் பலருக்கும் கூச்சம். அப்புறம் எழுதலாம் என்று ஒதுக்கி வைப்பார்கள், அது அப்படியே கிடக்கும்.

சிறு தொகைதான் என்றால் அதை எண்ணாலேயே எழுதுங்கள். "தகுந்த சன்மானம்" என்றால் அவர் ஒன்று நினைப்பார், நீங்கள் ஒன்று நினைப்பீர்கள். பயணச் செலவு அதற்குள் அடக்கமா தனியா, பணம் அன்றே கிடைக்குமா என்பதும் வேண்டும். ஒன்றுமே தர முடியாது என்றால் அதையும் நேராகச் சொல்லலாம், தவறில்லை. ஆனால் பங்கேற்பாளர்களிடம் கட்டணம் வாங்குகிறீர்கள் என்றால் அதை மறைக்காதீர்கள். சும்மா வந்து பேசுபவருக்கு அது அரங்கில் வைத்துத் தெரிந்தால் மனம் கசந்துபோகும்.

தலைப்பும் வரப்போகிறவர்கள் யார் என்பதும் சேர்ந்தே போக வேண்டியவை. "புகைப்படப் பாதுகாப்பு" என்று மட்டும் எழுதினால் அவர் எதைத் தயார் செய்வார்? உங்கள் கடிதம் இப்படி இருக்கலாம்:

"ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படங்களைக் கிழியாமல் பிரித்தெடுப்பது, பிறகு எப்படிப்பட்ட உறையில் வைப்பது என்பதைப் பற்றி நீங்கள் பேச வேண்டும் என்று விரும்புகிறோம். வருபவர்கள் சுமார் 25 பேர். யாருக்கும் இதில் பயிற்சி இல்லை. ஆளுக்கு ஒரு பழைய ஆல்பம் கொண்டுவருவார்கள். பேச்சு 40 நிமிடம், செய்துகாட்ட ஒரு மணி நேரம். மார்ச் 14 அல்லது 21, சனிக்கிழமை காலை 10 மணி. உங்களுக்கு எது வசதியோ அந்த நாள். மதிப்பூதியம் தர எங்களிடம் நிதி இல்லை. பயணச் செலவை முழுவதும் நாங்கள் ஏற்கிறோம். பங்கேற்பாளர்களிடம் கட்டணம் வாங்கவில்லை. பிப்ரவரி 20-க்குள் பதில் தெரிந்தால் உதவியாக இருக்கும்."

"ஆளுக்கு ஒரு ஆல்பம்" என்ற ஒரு வரி போதும், மேசைகள் வேண்டும், செய்துகாட்டும் பொருள்களை எடுத்துவர வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிடும். கூட்டம் பெரிது என்று காட்ட 25 பேரை 60 ஆக்காதீர்கள். 60 பேருக்குப் பக்கத்தில் நின்று செய்துகாட்ட முடியாது என்றே அவர் மறுத்துவிடலாம்.

நாள் விஷயத்தில் இரண்டு தேதிகளுக்கு மேல் தர வேண்டாம். "உங்களுக்கு எப்போது வசதி?" என்று விட்டுவிட்டால் அதுவும் தள்ளித்தான் போகும்.

இப்போது பழைய கடிதத்தை நினைவூட்டி ஒரு வரி அனுப்புவதைவிட, இந்த விவரங்களோடு புதிதாக எழுதுங்கள். குறித்த தேதி கடந்தும் பதில் வரவில்லை என்றால் ஒருமுறை போனில் கேளுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்தவரை அணுகலாம். அதற்கு முன், வேறு ஏற்பாடு செய்துகொள்கிறோம் என்று இவருக்கு இரண்டு வரி எழுதிவிடுங்கள்.