ஓடிவிட்டார்களா, தாண்டிப் போனார்களா?

“அண்ணா, போகவந்தலாவையில் இருந்து யூடியூபில் சமையல் வீடியோ போடுகிறேன். தேங்காய் ரொட்டி வீடியோ 10 நிமிடம், 400 பேர் பார்த்திருக்கிறார்கள். எந்த இடத்தை எத்தனை வீதம் பார்த்தார்கள் என்று காட்டுகிற கிராஃப் 71 வீதத்தில் இருந்து சுமார் ஒரு நிமிடத்தில் 37 வீதத்துக்கு விழுந்து கிடக்கிறது. பாதிப் பேர் ஓடிவிட்டார்களா? எங்கள் பக்கம் சிக்னல் மோசம், அதனாலா? இன்னொன்று, பார்ப்பவர்களில் முக்கால்வாசி ஆண்கள் என்று காட்டுகிறது. நான் போடுவது பெண்களுக்காக. இனி ஆண்களுக்கு ஏற்ற மாதிரி மாற்ற வேண்டுமா?”

தங்கச்சி, நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன் ஷாட்டைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, வீடியோவையும் பக்கத்தில் ஓடவிட்டுப் பார்த்தேன். நீங்கள் பயந்த இடத்தில் பெரிதாக யாரும் ஓடவில்லை. ஓடியது வேறு இடத்தில், அதைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. அங்கே வருகிறேன்.

முதலில் அந்தக் கோடு எப்படி வரையப்படுகிறது என்று பார்ப்போம். யூடியூப் உங்கள் வீடியோவை 100 துண்டுகளாக வெட்டிக்கொள்கிறது. 10 நிமிட வீடியோ என்றால் ஒரு துண்டு 6 விநாடி. ஒவ்வொரு துண்டும் எத்தனை தடவை ஓடியது என்று எண்ணி, அதை மொத்தப் பார்வைகளால் வகுக்கிறது. உங்களுக்கு 400 பார்வைகள், அப்படியானால் 1 வீதம் என்பது 4 பார்வை. ஒரே ஆள் இரண்டு நாள் திறந்து பார்த்தால் இரண்டு பார்வை, ஆகவே 400 பேர் என்று சொல்வதே சரியில்லை. அது போகட்டும்.

‘எத்தனை தடவை ஓடியது’ என்பதுதான் இங்கே விஷயம். அந்த நேரத்தில் எத்தனை பேர் இருந்தார்கள் என்ற கணக்கு இல்லை இது. ஒருவர் பின்னால் இழுத்து ஒரு துண்டை மூன்று தடவை பார்த்தால் அங்கே 3 சேரும். இன்னொருவர் அந்தத் துண்டைத் தாண்டிக் குதித்தால், அவர் வீடியோவிலேயே இருந்தாலும் அங்கே 0. இதனால்தான் சில வீடியோக்களில் கோடு 100 வீதத்துக்கு மேலேயும் ஏறும். கோடு இறங்குவதற்குக் காரணம் ஆள் எழுந்து போனது மட்டும்தான் என்று நினைத்தால் கணக்கு பிழைத்துவிடும்.

இப்போது உங்கள் கோட்டுக்கு வருவோம். 3:06இல் 58 வீதம். 3:18இல் 71. 3:30இல் 57. அந்த 71 ஒரு மேடு, அவ்வளவுதான். அந்த இடத்தில் வீடியோவில் என்ன நடக்கிறது? கோப்பையால் மாவை அள்ளிக் கொட்டிக்கொண்டே ‘இரண்டு கோப்பை மாவு, ஒரு கோப்பை தேங்காய்ப்பூ’ என்று வேகமாகச் சொல்கிறீர்கள். அளவு எழுத்தில் வந்து இரண்டு விநாடியில் மறைந்துவிடுகிறது. கூடவே கோப்பை தட்டில் இடிக்கிற சத்தம். பார்த்தவர்கள் பின்னால் இழுத்து மறுபடி பார்த்திருக்கிறார்கள். 58க்கும் 71க்கும் இடையில் உள்ள 13 வீதம் என்பது சுமார் 52 தடவை கூடுதலாக ஓடியது. 52 புது ஆட்கள் யாரும் நடுவில் வந்து சேரவில்லை. அப்புறம் கோடு 57க்கு இறங்கியதும் வீழ்ச்சி இல்லை, திரும்பிப் பார்த்து முடித்ததும் பழைய மட்டத்துக்கு வந்துவிட்டது. மேட்டுக்கு முன்னால் 58, பின்னால் 57. போனது 4 பார்வை.

அதனால் 71இல் இருந்து கழிக்கத் தொடங்காதீர்கள். மேட்டுக்கு முந்தைய மட்டத்தில் இருந்து கழியுங்கள்.

அடுத்தது 4:06. அங்கே 56 வீதம், அதாவது 224. 4:24இல் 37 வீதம், 148. இது உண்மையிலேயே சடாரென்று இறங்கியிருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விரலை வைத்துக் கோட்டின் மேல் வலப்பக்கம் நகர்த்திக்கொண்டே போங்கள். 5:42 வரை 36, 37 என்று அடியிலேயே கிடக்கிறது. 5:48இல் 52 வீதத்துக்கு, அதாவது 208க்கு, எழும்புகிறது. போனவர்கள் எங்கிருந்து திரும்பி வந்தார்கள்? போகவே இல்லை. தாண்டிக் குதித்தார்கள். 4:06இல் இருந்து நீங்கள் பேசாமல் மாவு பிசைகிறீர்கள், ஒரு நிமிடத்துக்கும் மேல். 5:48இல் முதல் ரொட்டி தோசைக்கல்லில் விழுகிறது. போனில் திரையின் வலப்பக்கம் இரண்டு தடவை தட்டினால் வீடியோ 10 விநாடி முன்னால் பாயும். கீழேயுள்ள கோட்டை இழுத்தால் சின்னப் படம் தெரியும், அதில் தோசைக்கல் தெரிந்த இடத்தில் விரலை எடுத்திருக்கிறார்கள்.

‘5:48இல் ஏறியதும் மேடாக இருக்கலாமே, ரொட்டி புரட்டுவதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கலாமே’ என்று கேட்டால், அது நல்ல கேள்வி. மேடு என்றால் அரை நிமிடத்தில் மறுபடி 36க்கு இறங்கியிருக்கும். உங்கள் கோடு இறங்கவில்லை. 52, 51, 50 என்று மெதுவாகத்தான் சரிகிறது. ஆகவே பெரும்பாலானவர்கள் அங்கே உட்கார்ந்து பார்த்தவர்கள். பிசைகிற பகுதியால் நீங்கள் இழந்தது 224க்கும் 208க்கும் இடையிலான சுமார் 16 பார்வை. நானாக இருந்தால் பிசைவதை 20 விநாடிக்குச் சுருக்கி, மாவு எந்தப் பதத்தில் இருக்க வேண்டும் என்று அந்த நேரத்தில் வாயால் சொல்வேன். முழுதாக வெட்ட மாட்டேன். முதன்முதலாக ரொட்டி சுடுகிறவருக்கு அந்தப் பதம்தான் தெரியாது.

சரி, சிக்னல். நம் பக்கத்தில் ஒரு வளைவு தாண்டினால் டவர் போய்விடும், அது உண்மை. ஆனால் ஒருவருக்கு 2ஆவது நிமிடத்தில் அறும், இன்னொருவருக்கு 7ஆவது நிமிடத்தில். நூற்றுக்கணக்கானவர்களுக்கு ஒரே விநாடியில் சிக்னல் போகாது. சிக்னல் பிரச்சினை கோட்டை முழுதுமாகக் கொஞ்சம் சாய்க்கும், செங்குத்தாக ஓர் இடத்தில் வெட்டாது. செங்குத்து வெட்டு என்றால் காரணம் வீடியோவுக்குள் இருக்கிறது, அல்லது அந்த இடத்தில் விளம்பரம் ஒன்று நுழைந்திருக்கிறது.

இப்போது நீங்கள் கேட்காத இடம். 8:48இல் 46 வீதம், 184. 9:06இல் 19 வீதம், 76. அதற்குப் பிறகு கோடு எழும்பவே இல்லை. 20 விநாடிக்குள் நூறுக்கு மேல் போய்விட்டது, திரும்பவில்லை. இதுதான் நிஜமான வெளியேற்றம். 8:54இல் நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று போட்டுப் பாருங்கள்: “அவ்வளவுதாங்க, நம்ம ரொட்டி ரெடி.” கேட்டவர்கள் சொன்னதை நம்பிப் போய்விட்டார்கள்! அதற்குப் பிறகும் ஒரு நிமிடத்துக்கு மேல் நன்றி, லைக், அடுத்த வாரம் என்ன என்று பேசுகிறீர்கள். தட்டினால் உங்கள் கட்ட சம்பல் வீடியோவுக்குக் கூட்டிப்போகிற கட்டம் கடைசி 20 விநாடியில், அதாவது 9:40க்குப் பிறகு வருகிறது. அப்போது பார்ப்பதற்கு அங்கே மிச்சமிருப்பது 76 அல்லது அதற்கும் குறைவு.

வீடியோ முடிவில் இறக்கம் எல்லோருக்கும் வரும், அதைத் தடுக்க முடியாது. ஆனால் இவ்வளவு முன்னால் வர வேண்டியதில்லை. அந்தக் கட்டத்தை வீடியோவின் கடைசி 5 முதல் 20 விநாடிக்குள்தான் வைக்க யூடியூப் விடுகிறது. கட்டத்தை முன்னால் நகர்த்த முடியாது என்பதால் வீடியோவின் முடிவைத்தான் முன்னால் கொண்டுவர வேண்டும். சுட்ட ரொட்டியைப் பிய்த்து, சம்பலைத் தொட்டு வாயில் வைக்கிற காட்சியின்போதே அந்தக் கட்டம் திரையில் இருக்கட்டும். ‘அவ்வளவுதான்’ என்ற சொல் வேண்டாம்.

ஆண், பெண் கணக்குக்கு வருவோம். இது நான் சிரித்துக்கொண்டே எழுதுகிற பகுதி. யூடியூப் ஸ்டூடியோவில் `Age and gender` என்று காட்டுகிற வீதங்கள், கூகிள் கணக்கில் உள்நுழைந்து பார்த்தவர்களை மட்டும் வைத்துப் போடப்பட்டவை. அது எண்ணுவது கணக்கை. போனைப் பிடித்திருக்கும் கையை அதற்குத் தெரியாது. எங்கள் அம்மாவுக்கு போன் வாங்கிக் கொடுத்தபோது கணக்கைத் திறந்தது நான். அவசரத்தில் என் பிறந்த ஆண்டையே போட்டேன், ஆண் என்றும் தட்டிவிட்டேன். இன்றைக்கும் அம்மா பார்க்கும் ஒவ்வொரு சமையல் வீடியோவிலும் முப்பது சொச்சம் வயது ஆண் ஒருவர் கூடுகிறார்.

லயத்தில் ஒரு வீட்டுக்கு ஒரு போன், அதுவும் கணவர் பெயரில் இருக்கிற இடங்கள் இன்னும் எத்தனை? கணவர் வேலையால் வந்ததும் அதே போனில் மனைவி ரொட்டி வீடியோ பார்த்தால், கணக்கில் ஓர் ஆண். அந்தப் பட்டியல் 13 வயதில்தான் தொடங்குகிறது, ஆகவே அம்மா மடியில் இருந்து பார்க்கிற பிள்ளைகளும் அப்பாவின் வயதாகவே விழுவார்கள். உங்கள் கருத்துப் பகுதியிலேயே ஆண் பெயரில் ஒருவர் “அக்கா, உப்பு எப்ப போடணும், எங்க வீட்டுக்காரர் உப்பு கூடினா திட்டுவார்” என்று எழுதியிருக்கிறார். இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? பெண்களுக்காகப் போடுவதை மாற்றாதீர்கள்.

நாடு வேறு விஷயம். அது இணைய இணைப்பின் முகவரியை வைத்துக் கணிக்கப்படுகிறது, விபிஎன் போட்டவர்களைத் தவிர ஓரளவு நம்பலாம். உங்கள் ஸ்கிரீன் ஷாட்டில் இலங்கைக்கு அடுத்ததாகக் கட்டாரும் சவூதியும் இருக்கின்றன. அவர்கள் நேரம் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால். அங்கே இரவு எட்டு மணி என்றால் இங்கே பத்தரை. நீங்கள் மாலை ஐந்துக்குப் போடும்போது அவர்கள் இன்னும் வேலையில் இருக்கக்கூடும். நேரத்தை மாற்றுவது என்றால் இந்த வரியை வைத்து மாற்றுங்கள், ஆண் பெண் வரியை வைத்து அல்ல.

அடுத்த வீடியோ போட்டதும் அன்றிரவே கோட்டைத் திறக்காதீர்கள். கணக்கு வந்து சேர ஒன்றிரண்டு நாள் எடுக்கும். 40 பார்வை இருக்கும்போது ஒருவர் ஒரு தடவை பின்னால் இழுத்தாலே கோடு 2.5 வீதம் துள்ளும், அதைப் பார்த்து எதையும் வெட்டிவிடாதீர்கள். சில நூறு பார்வை சேர்ந்த பிறகு, சப்ஸ்கிரைப் செய்தவர்களின் கோட்டையும் செய்யாதவர்களின் கோட்டையும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே விநாடியில் வெட்டினால் அந்த விநாடியில் பிழை இருக்கிறது. செய்யாதவர்களின் கோடு மட்டும் முதல் அரை நிமிடத்தில் விழுந்தால், தலைப்பையும் முகப்புப் படத்தையும் பார்த்து வேறு எதையோ எதிர்பார்த்து வந்திருக்கிறார்கள். அப்படி இருந்தால் அந்த இரண்டு ஸ்கிரீன் ஷாட்டையும் முகப்புப் படத்தோடு சேர்த்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.