ஐடிஐ எலக்ட்ரீஷியன் ரெசுமேக்கு மார்க்: மெயின்டனன்சுக்கு ஒரு தாள், அப்ரண்டிஸுக்கு வேறு தாள்

கேள்வி: பல்லடம் பக்கம் எங்களோடது ஸ்பின்னிங் மில்லுங்க. மெயின்டனன்சுக்கு ஒரு எலக்ட்ரீஷியன், அப்ரண்டிஸ் ரெண்டு பேர் எடுக்கணும். ஐடிஐ முடிச்ச பசங்க ரெசுமே நாற்பதுக்கு மேல வந்திருக்கு. எல்லாமே ஒரே மாதிரி தெரியுது. எப்படிங்க மார்க் போட்டுப் பிரிக்கிறது?

பதில்:

நாற்பதையும் முதலில் இரண்டு கட்டாகப் பிரித்துவிடுங்கள். மெயின்டனன்ஸ் ஆள் ராத்திரி ரிங் ஃபிரேம் நின்றால் யாரையும் எழுப்பாமல் ஓட்டிவிட வேண்டியவர். அப்ரண்டிஸ் கற்றுக்கொள்ள வருகிறவர். ஒருவருக்கு வெளியில் வேலை பார்த்த அனுபவத்தைப் பார்க்க வேண்டும், இன்னொருவருக்கு அதைப் பார்க்கவே கூடாது. அதனால் ஒரே தாளில் இருவருக்கும் மார்க் போட்டால் இரண்டு இடத்திலும் தவறான ஆள் மேலே வருவார்.

மெயின்டனன்ஸ் தாளை முதலில் சொல்கிறேன், சிக்கல் அதில்தான் அதிகம்.

மார்க் போடும் முன் ஆம், இல்லை என்று மட்டும் பதில் வரும் விஷயங்களைத் தனியே எடுத்துவிடுங்கள். எலக்ட்ரீஷியன் டிரேடில் பாஸா, மூன்று ஷிப்டும் வருவாரா என்ற இரண்டே போதும். இவற்றுக்கு மார்க் கிடையாது. இல்லை என்றால் அந்த ரெசுமே அங்கேயே நிற்கும். பாஸா என்பதைக் கவனித்துப் பாருங்கள். “ஐடிஐ எலக்ட்ரீஷியன், 2021–2023” என்று எழுதியிருந்தால் அந்த இரண்டு வருடம் படித்தார் என்றுதான் அர்த்தம். அரியர் வைத்தவரும் அப்படித்தான் எழுதுவார். தேசிய டிரேட் சான்றிதழ் கையில் இருக்கிறதா என்று கேளுங்கள். அதில் உள்ள க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பார்த்துவிடலாம். டிரேட் பெயரையும் பாருங்கள். எலக்ட்ரானிக் மெக்கானிக், வயர்மேன் படித்தவர்களும் மேலே பெரிய எழுத்தில் எலக்ட்ரீஷியன் என்று போட்டிருப்பார்கள்.

அடுத்தது எதற்கு எவ்வளவு மார்க் என்பது. இதை யோசித்து எழுதாதீர்கள், உங்கள் பிரேக்டவுன் புத்தகத்தை எடுங்கள். கடந்த ஆறு மாதத்தில் எலக்ட்ரிக்கல் காரணத்தால் மெஷின் நின்ற மணிநேரங்களைக் கூட்டிப் பாருங்கள். மோட்டார், ஸ்டார்ட்டர் பக்கம் எவ்வளவு. பேனல், டிரைவ், சென்சார் பக்கம் எவ்வளவு. டிரான்ஸ்பார்மர் யார்டு, ஜெனரேட்டர், கெப்பாசிட்டர் பேனல் பக்கம் எவ்வளவு என்று மூன்றாகப் பிரித்தால் போதும். அந்த விகிதம்தான் உங்கள் மார்க். பழைய மெஷின் ஓடும் மில்லில் முதல் பகுதி கனமாக இருக்கும், புது மெஷின் போட்ட இடத்தில் இரண்டாவது. ஒரு கணக்குக்காக மோட்டாருக்கு 40, பேனலுக்கு 28, சப்ளை பக்கத்துக்கு 20 என்று வைத்துக்கொள்வோம். மீதி 12, பஞ்சு பறக்கிற தொழிற்சாலைச் சூழலில் ஷிப்ட் பார்த்த பழக்கத்துக்கும் பராமரிப்பு ரெஜிஸ்டர் எழுதிய பழக்கத்துக்கும்.

ரெசுமேக்கள் ஒரே மாதிரி தெரிவதற்குக் காரணம், பாதிக்கு மேல் பிரவுசிங் சென்டரில் ஒரே மாதிரிப் படிவத்தில் அடித்தவை. “கடின உழைப்பாளி, குழுவாக வேலை செய்வேன்” என்ற வரியும், மேலே இருக்கும் லட்சிய வாக்கியமும் அந்தப் படிவத்தோடு வந்தவை. அதற்கு மார்க் இல்லை. எழுத்துப்பிழைக்குக் குறைக்கவும் வேண்டாம், அடித்தது அவரில்லை. பார்க்க வேண்டியது வேறு: எழுதியிருக்கும் வேலையை அவர் செய்தார் என்பதற்கு அந்த வரியிலேயே ஏதாவது அடையாளம் இருக்கிறதா என்பது.

அதற்கு நான்கு படி வைத்துக்கொள்ளலாம். வெறும் பெயர் மட்டும் இருந்தால் கால் பங்கு: “மோட்டார், ஸ்டார்ட்டர் தெரியும்.” என்ன மெஷின், எவ்வளவு திறன் என்று இருந்தால் அரை: “20 எச்பி வரை ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர்.” அதில் என்ன செய்தார் என்றும் இருந்தால் முக்கால்: “ஸ்டார்ட்டர் வயரிங், கான்டாக்டர் மாற்றுதல், மெக்கர் சோதனை.” என்ன பழுது, எப்படிக் கண்டுபிடித்தார் என்பது வரை இருந்தால் முழு மார்க். ஒன்றுமே இல்லையென்றால் பூஜ்யம்.

இப்போது இரண்டு ரெசுமே எடுத்துக்கொள்வோம். முதல் பையன் 2022இல் ஐடிஐ பாஸ். ஒரு வருடம் பம்ப் தொழிற்சாலையில் இரண்டு ஷிப்ட் பார்த்து அப்ரண்டிஸ் முடித்திருக்கிறார். பிறகு கணபதியில் ஒரு ரீவைண்டிங் கடையில் வேலை. “3 முதல் 20 எச்பி மோட்டார் ரீவைண்டிங், டிஓஎல், ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் சர்வீஸ், மெக்கர் சோதனை” என்று ஒரு வரி. கடைசியில் “விஎஃப்டி அடிப்படை” என்று ஒன்று. ஒரே பக்கம்தான். இரண்டாவது பையன் 2023 பாஸ், காந்திபுரத்தில் மூன்று வாரம் பிஎல்சி கோர்ஸ். கன்வேயரை பிஎல்சியில் ஓட்டிய ஒரு புராஜெக்ட் போட்டிருக்கிறார். அதற்குக் கீழே பிஎல்சி, ஸ்காடா, விஎஃப்டி, எச்டி, டிரான்ஸ்பார்மர், ஜெனரேட்டர், மோட்டார், ஸ்டார்ட்டர் என்று நீளமான பட்டியல். விளம்பரத்தில் நீங்கள் போட்ட சொற்கள் எத்தனை வந்திருக்கின்றன என்று எண்ணினால் இரண்டாமவர்தான் முதலில் நிற்பார்.

படிப்படியாகப் போட்டுப் பாருங்கள். முதல் பையனுக்கு மோட்டாரில் முக்கால் பங்கு, 30. பேனலில் வெறும் பெயர், 7. சப்ளை பக்கம் ஒன்றுமில்லை, பூஜ்யம். தொழிற்சாலை ஷிப்ட் என்று மட்டும் தெரிவதால் 3. மொத்தம் 40. இரண்டாமவருக்கு மோட்டாரில் பெயர் மட்டும், 10. பேனலில் இன்ன புராஜெக்ட் என்று சொன்னதால் அரை, 14. சப்ளை பக்கம் பெயர் மட்டும், 5. சூழலுக்குப் பூஜ்யம். மொத்தம் 29. வரிசை மாறிவிட்டது.

இதோடு நிறுத்திவிட்டால் அதுவும் தப்பு. ரெசுமேயில் இல்லை என்பதும் தெரியாது என்பதும் ஒன்றல்ல. நம் பக்கத்துப் பசங்களில் பலர் சொந்தத் தோட்டத்து போர்வெல்லில் 7.5 எச்பி சப்மெர்சிபிள் மோட்டாரின் ஸ்டார்ட்டர் பேனலைத் தாங்களே திறந்து காயில் மாற்றியிருப்பார்கள், பக்கத்துத் தோட்டத்துக்கும் போய்ப் பார்த்திருப்பார்கள். சம்பளம் வாங்காததால் அதை வேலை என்றே நினைக்க மாட்டார்கள், எழுதவும் மாட்டார்கள். அதனால் 25க்கு மேல் வந்த எல்லோரையும் போனில் கூப்பிடுங்கள். ஒருவருக்குப் பத்து நிமிடம் போதும். “வீட்டுல, தோட்டத்துல கரண்ட் வேலை என்னென்ன பார்ப்பீங்க தம்பி?” என்று ஆரம்பியுங்கள்.

அடுத்து ஸ்டார்ட்டர் கேள்வி. 15 எச்பி மோட்டார், நேம் பிளேட்டில் 21 ஆம்பியர், ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர். ஓவர்லோடு ரிலேயை எத்தனையில் வைப்பீர்கள்? 21 என்று உடனே சொன்னால் அவர் டிஓஎல் மட்டும் பார்த்தவர். வழக்கமான ஸ்டார் டெல்டாவில் ரிலே மெயின் கான்டாக்டருக்கு அடியில் இருக்கும், அதில் ஓடுவது வைண்டிங் கரண்ட். 21ஐ 0.58ஆல் பெருக்கினால் சுமார் 12 ஆம்பியர். அதை 21இல் வைத்துவிட்டால் லைனில் 36 ஆம்பியர் வரை இழுத்தாலும் ரிலே டிரிப் ஆகாது, மோட்டார்தான் எரியும். “ரிலே எங்க இருக்குங்க, லைன்லயா, கான்டாக்டருக்குக் கீழயா?” என்று திருப்பிக் கேட்கும் பையனுக்கு யோசிக்காமல் முழு 40 போடுங்கள். சூத்திரம் மறந்திருந்தாலும் அவர் ஸ்டார்ட்டரைத் திறந்து பார்த்தவர்.

விஎஃப்டி என்று எழுதிய எல்லோரிடமும் ஒன்று கேளுங்கள்: டிரைவில் ஓடும் மோட்டாரை மெக்கர் பண்ண வேண்டும், முதலில் என்ன செய்வீர்கள்? மோட்டார் கேபிளை டிரைவிலிருந்து கழற்ற வேண்டும். கழற்றாமல் 500 வோல்ட் மெக்கரைச் சுற்றினால் டிரைவின் அவுட்புட் பக்கம் போய்விடும். சப்ளையை நிறுத்திய உடனே டெர்மினலில் கை வைக்கக் கூடாது, உள்ளே கெப்பாசிட்டர் இறங்கச் சில நிமிடம் காத்திருக்க வேண்டும் என்பதையும் கேட்காமலே சொன்னால் அவர் டிரைவ் பக்கத்தில் நின்றவர், கோர்ஸில் மட்டும் பார்த்தவரில்லை.

நம் முதல் பையன் ரிலே கேள்விக்குச் சரியாகச் சொல்லி, மெக்கர் கேள்விக்குக் கேபிளைக் கழற்ற வேண்டும் என்பது வரை சொல்லி, கடையில் ஜெனரேட்டர் சேஞ்ச்ஓவர் மட்டும் பார்த்தேன் என்கிறார் என்று வையுங்கள். மோட்டார் 40, பேனல் 14, சப்ளை 5, சூழல் 3, மொத்தம் 62. இது எடுக்கக்கூடிய ஆள். ஆனால் எச்டி யார்டில் தனியாக விடக் கூடாது என்பதையும் அதே தாள் சொல்லிவிடுகிறது. மார்க்கைக் கூட்டித் தூக்கிப் போடாமல் நான்கு வரியையும் வைத்திருங்கள். சேர்ந்தவுடன் எதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது அதில்தான் இருக்கிறது.

அனுபவத்தைக் கூட்டும்போது தேதியைப் பாருங்கள். “3 வருட அனுபவம்” என்பதில் அப்ரண்டிஸ் வருடமும் சில சமயம் ஐடிஐ கடைசி வருடமும் சேர்ந்திருக்கும். இடைவெளி இருந்தால் மார்க் குறைக்காதீர்கள். தோட்டம், தறி, அரசுத் தேர்வு என்று ஏதாவது ஒன்று இருக்கும். கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

அப்ரண்டிஸ் தாள் சிறியது. இங்கே முதல் வடிகட்டி வேறு: இதே டிரேடில் ஏற்கெனவே அப்ரண்டிஸ் முடித்தவரைத் திரும்ப எடுக்க முடியாது. மேலே 62 வாங்கிய பையன் இந்தத் தாளில் வாசலிலேயே நின்றுவிடுவார். ஐடிஐ எலக்ட்ரீஷியனுக்குப் பயிற்சி ஒரு வருடம், ஒப்பந்தத்தை அப்ரண்டிஸ்ஷிப் போர்ட்டலில் பதிய வேண்டும். அதனால் ஆதாரில் இருக்கும் பெயரும் பிறந்த தேதியும் சான்றிதழில் இருப்பதும் ஒன்றா என்று இப்போதே பாருங்கள். இனிஷியல் ஒன்றில் முன்னாலும் ஒன்றில் பின்னாலும் இருந்து பதிவு தள்ளிப்போவது சகஜம்.

மார்க்கில் பாதியை டிரேட் பிராக்டிக்கல் மதிப்பெண்ணுக்குக் கொடுங்கள். கால் பங்கு, ஐடிஐயில் தன் கையால் செய்த ஒரு வேலையை விவரமாகச் சொல்கிறாரா என்பதற்கு. மீதிக் கால் பங்கு, ஒரு வருடம் தொடர்ந்து வர முடியுமா என்பதற்கு: வீட்டிலிருந்து உங்கள் மில் வாசலுக்கு நேர் பஸ் இருக்கிறதா, இரண்டு பஸ் மாற வேண்டுமா, உங்களிடம் ஹாஸ்டல் உண்டா. ஸ்டைபண்டில் பாதி பஸ்ஸுக்கே போனால் எவ்வளவு நல்ல பையனும் சில மாதத்தில் நின்றுவிடுவார். வெளி அனுபவத்துக்கு இங்கே மார்க் வைக்காதீர்கள். வைத்தால் ஏற்கெனவே வேலை தெரிந்தவரை அப்ரண்டிஸ் பெயரில் சேர்த்து பிரேக்டவுனுக்கு அனுப்புவதில் போய் நிற்கும். கற்க வேண்டிய பையன் வெளியே நிற்பான்.

நாற்பதையும் ஒருவரே உட்கார்ந்து மார்க் போட்டால் கடைசிப் பத்துக்கு வரும்போது கை தளர்ந்துவிடும். முதல் ஐந்தை நீங்களும் உங்கள் எலக்ட்ரிக்கல் ஃபோர்மேனும் ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல் போடுங்கள். ஏதாவது ஒரு வரியில் இரண்டு படி வித்தியாசம் வந்தால், அந்த வரியில் என்ன எழுதியிருந்தால் முக்கால், என்ன எழுதியிருந்தால் அரை என்று பேசி முடிவு செய்து தாளின் ஓரத்தில் எழுதிவிட்டு, பிறகு மீதி முப்பத்தைந்தை எடுங்கள்.