கொட்டேஷன் தேதி முடியும் முன் ஞாபகப்படுத்த

"கொழிஞ்சாம்பாறையில் ஒரு தோப்புக்காரருக்கு மோட்டார் கொட்டேஷன் கொடுத்தேன். 30ஆம் தேதியோடு முடிகிறது, பதிலே இல்லை. நெருக்காமல் எப்படிச் சொல்வது?"

27ஆம் தேதி வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு செய்தி போதும்: "அண்ணா, மோட்டார் விலை 30 வரைக்கும்தான். அப்புறம் கம்பெனி விலை மாறலாம். இப்போ வேண்டாம்னாலும் சொல்லுங்க, பரவாயில்லை." மறுக்க வழி இருந்தால்தான் பதில் வரும்.

விலைதான் தடை என்று நினைக்காதீர்கள். கே.எஸ்.இ.பி. கனெக்‌ஷன் வராமல் மோட்டாரை வாங்கி என்ன செய்வார்? அதைக் கேட்டுப் பாருங்கள். வரவில்லை என்றால் புதுத் தேதி போட்டு, எழுத்திலேயே நீட்டிக் கொடுங்கள்.

ஆனால் விலை உண்மையிலேயே மாறுமா என்று டீலரிடம் முதலில் கேட்டுவிடுங்கள். மாறாது என்றால் அந்த வரியே வேண்டாம். சொல்லிவிட்டு 5ஆம் தேதி பழைய விலைக்கே கொடுத்தால், டீக்கடையில் பேச்சு பரவும். அடுத்த கொட்டேஷனில் தேதியை யாரும் பார்க்க மாட்டார்கள்.