இலைச்சுருட்டுக்குக் கேட்ட ட்ரோன் புகையானுக்கு ஏன் கேட்கவில்லை?

கேள்வி: ஐயா, வணக்கம். மன்னார்குடிப் பக்கம் எங்கள் விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம் போன சம்பாவில் 120 ஏக்கரில் வாடகை ட்ரோன் வைத்து மருந்தடித்துப் பார்த்தது. அறிக்கையை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஏக்கருக்கு வாடகை 600 ரூபாய், தண்ணீர் 10 லிட்டர். இலைச்சுருட்டுப் புழு நன்றாக அடங்கியது. மார்கழியில் வந்த புகையானுக்கு இரண்டு தடவை அடித்தும் கேட்கவில்லை. மருந்து சரியில்லையா, ட்ரோன் சரியில்லையா? சங்கமே ஒரு ட்ரோன் வாங்கலாமா? உறுப்பினர்களின் நிலம் மொத்தம் 400 ஏக்கர்.

பதில்: வணக்கம். அறிக்கையை முழுவதும் படித்தேன். மருந்து போலி என்று நினைக்க அதில் ஒன்றும் இல்லை. மருந்து பூச்சி இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேரவில்லை, அதுதான் விஷயம்.

இலைச்சுருட்டுப் புழு மேல் இலையில் இருக்கிறது. ட்ரோன் தூவும் பொடித்துளியும் அங்கேதான் விழுகிறது. அதனால் கேட்டது. புகையான் தூரின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே உட்கார்ந்து சாறு உறிஞ்சும். மார்கழியில் சம்பா நன்றாகத் தூர் கட்டி மேலே மூடியிருக்கும். கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு 200 லிட்டர் அடிக்கும்போது கரைசல் வழிந்து அடிக்கு இறங்குகிறது. 10 லிட்டரில் வழிவதற்கு ஒன்றுமில்லை. அதோடு உங்கள் அறிக்கையில் பறந்த உயரம் பயிருக்கு மேல் 3 மீட்டர் என்று இருக்கிறது. இரண்டு மீட்டர் அளவில் மெதுவாகப் போனால் விசிறிக் காற்று பயிரை விலக்கிக் கொஞ்சம் உள்ளே தள்ளும். ஏக்கர் கணக்கில் கூலி வாங்குபவர் உயரத்தையும் வேகத்தையும் கூட்டத்தான் பார்ப்பார்.

இதைவிட என்னை உறுத்திய வரி இன்னொன்று. இலைச்சுருட்டுக்கு அடித்தது செயற்கைப் பைரித்ராய்டு மருந்து. அது மேலே திரியும் சிலந்தியையும் மற்ற நன்மை செய்யும் பூச்சிகளையும் கொன்றுவிட்டது, அடியில் இருந்த புகையான் தப்பித்துக்கொண்டது. கையால் அடித்தாலும் இந்த மருந்து புகையானைக் கிளப்பிவிடும். நெல்லுக்கு அதை விட்டுவிடுங்கள், தயவுசெய்து.

மருந்து இறங்கியதா என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது. நீர் பட்டால் மஞ்சள் நீலமாக மாறும் சோதனைத் தாள் கிடைக்கிறது. நான்கைந்து குத்துகளில் மேல் இலையில் ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று என்று குச்சியில் செருகிவிட்டு, முதல் ஏக்கரை அடித்ததும் எடுத்துப் பாருங்கள். மேலே புள்ளிபுள்ளியாக நீலமாகி அடித்தாள் மஞ்சளாகவே இருந்தால், மீதி நிலத்தில் புகையானுக்கு ட்ரோன் வேண்டாம். அடித்த மூன்றாம் நாள் குத்தைத் தட்டித் தண்ணீரில் விழுவதை எண்ணுங்கள். தூருக்கு ஒன்று என்ற அளவு இன்னும் இருந்தால் கட்டுப்படவில்லை. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். இலை உறைக்குள் இருக்கும் முட்டை பொரித்து மறுபடி வரும் என்பதால் ஏழாம் நாளும் ஒரு தடவை பாருங்கள்.

புகையான் வந்துவிட்டால் தண்ணீரை வடித்து, ஆள் இறங்கி, தூரடியில் படும்படி அடிப்பதே சரி. கூலி கூடும்தான். ஆனால் ட்ரோனில் இரண்டு தடவைக்கு 1,200 ரூபாயும் மருந்து விலையும் போய், வயலும் வட்டம் வட்டமாகத் தீய்ந்ததே, அந்த நஷ்டம் பெரிது.

வாங்குவது பற்றி. ஒரு பேச்சுக்கு ட்ரோனும் நான்கு செட் பேட்டரியும் 7 லட்சம் என்று வையுங்கள். கூட்டுறவுச் சங்கத்தின் வாடகை மையத்துக்கு மத்திய அரசுத் திட்டத்தில் 40 சதவீதம், அதிகபட்சம் 4 லட்சம் வரை மானியம் உண்டு. அது கிடைத்தால் சங்கத்தின் கைப்பணம் 4.2 லட்சம். 600 ரூபாயில் பைலட், உதவியாள், ஜெனரேட்டர் பெட்ரோல், வண்டி போக 250 மிஞ்சினால், முதல் திரும்ப 1,680 ஏக்கர் அடிக்க வேண்டும். ஒரு சார்ஜுக்கு ஒரு ஏக்கர் என்றால் ஒவ்வொரு செட்டும் 420 தடவை சார்ஜ் ஏறும். பேட்டரி தாங்குவதே சில நூறு தடவைதான், ஆக முதல் வருவதற்குள் புது பேட்டரிச் செலவு வந்து நிற்கும்.

அப்புறம், இலைச்சுருட்டு எல்லார் வயலிலும் ஒரே வாரத்தில் வரும். காற்று அடங்கிய காலையிலும் மாலையிலும் மட்டும் பறந்து நாளுக்கு 20 ஏக்கர் முடித்தாலும் 400 ஏக்கருக்கு 20 நாள். கடைசியில் நிற்பவருக்குப் பயனில்லை. ஆகவே இப்போதைக்கு வாங்க வேண்டாம். இரண்டு மூன்று வாடகைக்காரர்களிடம் முன்கூட்டியே பேசி, உயரம், வேகம், சோதனைத் தாள் மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மருந்தின் அளவும் ஏக்கர் கணக்கில்தான் இருக்க வேண்டும். தண்ணீர் குறைந்ததற்காக மருந்தைக் குறைக்கவோ, 10 லிட்டருக்குள் நான்கு மருந்தைக் கலக்கவோ விடாதீர்கள். அடர்கரைசலில் அவை திரிந்து முனையை அடைக்கும்.

வரும் சம்பாவுக்கு நடவின்போதே எட்டு அடிக்கு ஓர் அடி பட்டம் விடச் சொல்லுங்கள். காற்றும் வெயிலும் தூருக்குப் போனால் புகையான் பெருகுவது குறையும், அடித்தே ஆக வேண்டி வந்தாலும் ஆள் உள்ளே நடக்க வழி இருக்கும். யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துப் போடுங்கள்.