ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் கரும்புகை: டீசல் இன்ஜின் உண்மையில் என்ன சொல்கிறது?

கேள்வி: என்னுடைய டீசல் கார் ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சும்மா நிற்கும்போது புகை இல்லை. ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் பின்னால் கரும்புகை தள்ளுகிறது. இன்ஜின் போய்விட்டது என்று அர்த்தமா?

பெரும்பாலும் இல்லை. கரும்புகை என்பது சிலிண்டருக்குள் சென்ற டீசலுக்குப் போதுமான காற்று கிடைக்கவில்லை, அல்லது அந்த டீசல் காற்றோடு சரியாகக் கலக்கவில்லை என்பதற்கான அடையாளம். பிஸ்டன், ரிங், போர் ஆகியவை தேய்ந்திருந்தால் அது முதலில் வேறு வழிகளில் தெரியும். காலையில் ஸ்டார்ட் ஆகச் சிரமப்படும். எரிந்த இன்ஜின் ஆயில் நீலப்புகையாக வரும். ஓடும் இன்ஜினில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் காற்று பலமாக அடிக்கும். ஆயில் அளவு குறைந்துகொண்டே போகும். இவை எதுவும் இல்லாமல் முடுக்கும்போது மட்டும் கரும்புகை வருகிறது என்றால், இன்ஜினைப் பிரிக்கச் சொல்பவரிடம் வண்டியை உடனே ஒப்படைக்க வேண்டாம்.

பெட்ரோல் இன்ஜினில் மிதியை அழுத்தினால் காற்று போகும் வழி திறக்கும், அந்தக் காற்றுக்கு ஏற்றபடி பெட்ரோல் சேரும். டீசல் இன்ஜினில் மிதி கேட்பது டீசலைத்தான். மிதித்த மறுகணமே இன்ஜெக்டர் கூடுதல் டீசலைப் பீய்ச்சிவிட முடியும். காற்றைக் கூட்டித் தர வேண்டிய டர்போவோ, கூடுதல் புகைவேகம் வந்து தன் சக்கரம் சுழல் வேகம் பிடித்த பிறகுதான் அழுத்தத்தைக் கட்டும். அந்த இடைவெளியில் டீசல் முந்திக்கொள்கிறது, காற்று பின்தங்குகிறது. ஒரு கிராம் டீசல் முழுமையாக எரிய ஏறத்தாழ பதினான்கரை கிராம் காற்று வேண்டும். ஆனால் டீசலில் எரிபொருள் துளிகளாக வந்து அந்தந்த இடத்திலேயே எரிவதால், கணக்குக்குச் சரியான காற்று இருந்தாலும் சில துளிகளைச் சுற்றி ஆக்ஸிஜன் தீர்ந்துபோய், எரியாத கரி மிஞ்சிவிடும். புகையில்லாமல் ஓட பதினெட்டு மடங்கோ அதற்கு மேலோ காற்று இருந்தால்தான் நல்லது. அந்த எல்லைக்குக் கீழே இறங்க இறங்கப் புகையின் கறுப்பு ஏறும்.

பழைய லாரி, பேருந்துகளில் கியர் மாற்றி மிதித்ததும் ஒரு கொத்துப் புகை வந்து உடனே தெளிந்துவிட்டால் அதைப் பழுது என்று சொல்ல முடியாது. அங்கே பம்ப் முழுக்க இயந்திர முறையில் இயங்குவது. டர்போ அழுத்தம் வரும்வரை டீசலைக் கட்டுப்படுத்த அதில் ஒரு டயாஃப்ரம் அமைப்பு இருந்தாலும், அதன் கட்டுப்பாடு அவ்வளவு நுணுக்கமானதல்ல. மலையேற்றத்தில் புகை கூடுவதற்கும் இதே காற்றுக் கணக்குத்தான் காரணம்: ஊட்டி உயரத்தில் காற்றின் அடர்த்தி சமவெளியில் இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு, பழைய பம்ப் தரும் டீசலோ அதே அளவு. ஆகவே புகை வருகிறதா என்பதைவிட, எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதைப் பாருங்கள். மிதியைப் பிடித்திருக்கும் வரை கரும்புகை தொடர்கிறது, கூடவே இழுவையும் குறைந்திருக்கிறது என்றால் பழுது இருக்கிறது.

உங்களுடையது காமன் ரயில் இன்ஜின் கொண்ட டர்போ கார் என்று எடுத்துக்கொள்கிறேன். அதில் கணினி, அதாவது இ.சி.யு., காற்றைப் பார்த்துத்தான் டீசலை அனுமதிக்கிறது. ஏர் ஃபில்டரைத் தாண்டியவுடன் ஏர்ஃப்ளோ சென்சார் இருக்கிறது. உள்ளே போகும் காற்றின் எடையை அது அளந்து சொல்கிறது. எவ்வளவு மிதித்தாலும் அந்தக் காற்றுக்குப் புகையில்லாமல் எரியக்கூடிய டீசலுக்கு மேல் கொடுப்பதில்லை என்று இ.சி.யு. ஒரு வரம்பு வைத்திருக்கிறது. இந்த ஏற்பாடு இருந்தும் தொடர்ந்து கரும்புகை வருகிறது என்றால், பெரும்பாலும் மூன்றில் ஒன்று நடந்திருக்கிறது: அளந்த காற்று சிலிண்டரைச் சேரவில்லை, இன்ஜெக்டர் கேட்டதற்கு மேல் டீசலை ஊற்றுகிறது, அல்லது சிலிண்டருக்குள் போவதில் ஒரு பகுதி ஏற்கெனவே எரிந்த புகையாக இருக்கிறது.

முதல் காரணத்தைத்தான் பட்டறைகளில் அதிகம் தவற விடுகிறார்கள். சென்சாரைக் கடந்த காற்று டர்போவுக்குப் போய், அங்கிருந்து இன்டர்கூலரில் குளிர்ந்து, தடித்த ரப்பர் ஹோஸ் வழியாக இன்ஜினுக்கு வருகிறது. அந்த ஹோஸ் எங்காவது கிழிந்திருந்தால், அளந்து கணக்கில் எழுதிய காற்றில் ஒரு பகுதி வெளியே போய்விடும். இ.சி.யு.வுக்கு அது தெரியாது. கணக்கில் உள்ள காற்றுக்கேற்ற டீசலை அது கொடுத்துக்கொண்டே இருக்கும். ஏர் ஃபில்டர் அடைத்திருந்தால் நிலைமை வேறு. குறைவான காற்றைச் சென்சார் குறைவாகவே காட்டும், இ.சி.யு. டீசலைக் குறைத்துவிடும், வண்டி சோர்ந்து ஓடுமே தவிர அந்த அளவுக்குப் புகைக்காது. பழைய பம்ப் வண்டியில் அடைத்த ஃபில்டர் நேராகக் கரும்புகையைத் தரும். எனவே “ஃபில்டரை மாற்று” என்ற பழைய அறிவுரை காமன் ரயில் காரில் பாதிதான் பொருந்தும்.

எங்கள் பட்டறைக்கு வந்த ஒரு காரின் கணக்கைச் சொல்கிறேன். 1.3 லிட்டர் நான்கு சிலிண்டர் இன்ஜின், பி.எஸ்.4 காலத்து வண்டி. வேறோர் இடத்தில் இன்ஜெக்டர் நான்கையும் மாற்ற வேண்டும், அதிலும் நிற்காவிட்டால் இன்ஜின் வேலைதான் என்று சொல்லியிருந்தார்கள். நியூட்ரலில் ரேஸ் கொடுத்தால் இலேசான புகைதான் வந்தது. ஏற்றத்தில் மூன்றாம் கியரில் மிதித்தால் பின்னால் வருபவர் விளக்கடிக்கும் அளவுக்குப் புகை. ஸ்கேனரை மாட்டி அதே ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தோம். இன்ஜின் 2000 சுற்றைத் தாண்டியபோது இ.சி.யு. கேட்ட டர்போ அழுத்தம் 2000 மில்லிபார். உண்மையில் இருந்தது சுமார் 1350. வெளிக்காற்றின் அழுத்தமே ஏறத்தாழ 1000 என்பதால், டர்போ கூட்டித் தர வேண்டிய ஆயிரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் இன்ஜினைச் சேர்ந்திருக்கிறது.

இதைச் சிலிண்டர் கணக்காகப் பார்த்தால் புகை ஏன் வந்தது என்பது புரியும். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு சுமார் 312 சி.சி. அழுத்தம் 2000 இருந்தால் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 670 மில்லிகிராம் காற்று உள்ளே போகும். அப்போது 34 மில்லிகிராம் டீசல் பீய்ச்சினால் காற்று அதைப்போல் இருபது மடங்கு இருக்கிறது. புகைக்க வேண்டிய அவசியமே இல்லை. அழுத்தம் 1350-க்கு இறங்கினால் காற்று 450 மில்லிகிராம் அளவுக்கு வந்துவிடும். அதே 34 மில்லிகிராம் டீசலுக்குப் பதின்மூன்று மடங்குக் காற்றுதான். முழுமையாக எரிய வேண்டிய குறைந்தபட்சக் கணக்குக்கும் கீழே போய்விட்ட நிலையில், எவ்வளவு நல்ல இன்ஜெக்டர் போட்டாலும் கரும்புகை வந்தே தீரும்.

கிழிசல் இன்டர்கூலரிலிருந்து மேலே வரும் ஹோஸின் அடிப்பக்கத்தில், கிளாம்ப்பை ஒட்டி இருந்தது. நின்ற நிலையில் பார்த்தால் ரப்பர் ஒட்டிக்கொண்டு முழுசாகத் தெரியும். விரலால் வளைத்தால்தான் வாய் திறந்தது. அந்த இடத்தைச் சுற்றி மட்டும் ஈரமான எண்ணெய்க் கறையில் தூசி படிந்து கறுத்திருந்தது. டர்போவுக்குள் எப்போதும் சிறிது ஆயில் ஆவி போவதால், காற்று கசியும் இடத்தில் இந்தக் கறை விழும். கண்ணால் தேட இதைவிட நல்ல அடையாளம் இல்லை. சந்தேகம் இருந்தால் குழாயின் ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் ஒரு பாருக்கு மேற்படாமல் காற்றேற்றிச் சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். ஹோஸை மாற்றியதும் அழுத்தம் கேட்ட அளவை எட்டியது. சைலன்ஸரில் படிந்திருந்த பழைய கரி சில நாள் வெளியேறி, பிறகு புகை நின்றது. அந்த வண்டியின் இன்ஜெக்டர்களை நாங்கள் தொடவில்லை.

நியூட்ரலில் ரேஸ் கொடுத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். பாரம் இல்லாத இன்ஜினில் டர்போ அழுத்தம் பெரிதாகக் கட்டாது. அழுத்தம் இல்லாவிட்டால் கிழிசலும் வாய் திறக்காது. புகைப் பரிசோதனை மையத்தில் செய்வதும் நிறுத்திய வண்டியில் திடீரென ரேஸ் கொடுத்து அளக்கும் முறைதான். அங்கே பி.எஸ்.4 டீசல் வண்டிக்குப் புகையின் அடர்த்தியைக் குறிக்கும் எச்.எஸ்.யு. அளவு 50, அதற்கு முந்தையவற்றுக்கு 65 என்பது வரம்பு. ஏற்றத்தில் புகை தள்ளும் வண்டியும் அதில் தேறி வரலாம். சான்றிதழ் இருப்பதால் இன்ஜின் நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது.

இன்ஜெக்டர் காரணமாக இருந்தால் அது சும்மா நிற்கும்போதும் ஏதாவது ஒரு வகையில் தெரியும். நாசில் முனையில் டீசல் சொட்டினால் ஐடிலிங் சீராக இருக்காது, ஒரு சிலிண்டரில் மட்டும் கட்டைச் சத்தம் கேட்கும், காலையில் கண்ணெரியும் சாம்பல் நிறப் புகை வரும். ஸ்கேனரில் நான்கு சிலிண்டருக்கும் இ.சி.யு. செய்யும் டீசல் திருத்த அளவைப் பார்த்தால், பழுதான சிலிண்டர் மற்றவற்றிலிருந்து தனித்து நிற்கும். உங்கள் காரில் நிற்கும்போது புகையில்லை என்று எழுதியிருப்பதால் இது எனக்கு இரண்டாவது சந்தேகம்தான்.

மூன்றாவது காரணம் இ.ஜி.ஆர். வால்வு. புகையில் ஒரு பகுதியை மீண்டும் உள்ளே விடும் இந்த வால்வு, முழுதாக மிதிக்கும்போது மூடிக்கொள்ள வேண்டும். நகரத்துக்குள்ளேயே ஓடும் வண்டிகளில் கரி படிந்து திறந்தபடியே மாட்டிக்கொள்ளும். கழற்றிச் சுத்தம் செய்தாலே பெரும்பாலும் சரியாகும். ஆனால் கரி அளவுக்கு மீறிப் படிந்ததற்கும் டர்போ காற்றின் கசிவே காரணமாக இருக்கக்கூடும் என்பதால், ஹோஸைப் பார்க்காமல் வால்வை மட்டும் சுத்தம் செய்தால் அது மறுபடி அடைக்கும்.

புகையோடு நீண்ட நாள் ஓட்டுவதில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. எரியாத கரி ரிங்கைத் தாண்டி ஆயிலில் இறங்கி அதைக் கெட்டியாக்கும். கசியும் ஹோஸை ஈடுகட்ட டர்போ அளவுக்கு மீறிச் சுழன்று அதன் பேரிங் தேயும். புகை வரத் தொடங்கிய நாளில் கெடாமல் இருந்த இன்ஜின் அந்தப் புகையாலேயே பிறகு கெடலாம். எனவே பழுது சரியான பிறகு, மாற்றும் தவணை வராவிட்டாலும் ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள்.

உங்கள் கார் 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.6 வகையாக இருந்தால் நான் முதலில் பார்க்கச் சொல்லும் இடமே வேறு. அதில் சைலன்ஸர் வழியில் கரியைப் பிடித்துவைக்கும் டி.பி.எஃப். இருப்பதால் கண்ணுக்குத் தெரியும் கரும்புகை வரவே கூடாது. குழாய் ஆறிய பிறகு வாய்க்குள் விரல் விட்டுத் துடைத்துப் பாருங்கள். அடுப்புக்கரி போல விரல் கறுத்தால் அந்த ஃபில்டர் உள்ளே விரிசல் விட்டிருக்கிறது, அல்லது யாரோ அதை எடுத்துவிட்டிருக்கிறார்கள். அப்படியானால் ஃபில்டரைச் சரிசெய்வதோடு நிறுத்தாமல், அது நிரம்பி விரிசல் விடும் அளவுக்குக் கரி எங்கிருந்து வந்தது என்பதை மேலே சொன்ன ஹோஸிலிருந்து தொடங்கித் தேட வேண்டும்.